ஒளிநகல் எந்திரத்தின் மூடிக்குள் என் அடையாள அட்டை

கொழும்பில் வேலை கிடைத்ததும் அம்மா யாழ்ப்பாணத்திலிருந்து வாட்ஸ்அப்பில் ஒரு பட்டியல் அனுப்பினார். கொப்பித்தாளில் எழுதிப் படம் பிடித்தது. முதல் நாள் பையில் என்னென்ன இருக்க வேண்டும் என்று பதினேழு சாமான்கள். நியமனக் கடிதம், சான்றிதழ்களின் மூலப் பிரதி, நகல் இரண்டு செட், பாஸ்போர்ட் சைஸ் படம் நாலு, வங்கிப் புத்தகத்தின் முன்பக்க நகல். அதோடு குடை, ஊசி, திருநீறு. எல்லாவற்றுக்கும் மேலே, இரண்டு தரம் அடிக்கோடிட்டு, ஐடி காட்.

எனக்கு எரிச்சல் வந்தது. அம்மா வாசலைத் தாண்டும் எவரிடமும் அதையே கேட்பார். போர்க்காலச் சோதனைச் சாவடிகளில் அட்டை இல்லாதவரைப் பிடித்து வைத்துவிடுவார்கள்; அப்போது பிடித்த பழக்கம். கடைக்குப் பால் வாங்கப் போகும் அப்பாவிடமும் கேட்பார். நான் பள்ளிக்கூடம் போகத் தொடங்கியபோது சாவடிகளே குறைந்துவிட்டன. அதனால் அந்தக் கேள்வி எனக்குத் தொணதொணப்பாகவே இருந்தது.

திங்கட்கிழமை காலை வெள்ளவத்தை அறையில் பையை அடுக்கும்போது பார்த்தால், அடையாள அட்டைக்கு ஒரு நகல்தான் இருந்தது. அலுவலகம் இரண்டு கேட்டிருந்தது. காலி வீதியில் ஏழு மணிக்கே திறக்கும் கொமியூனிகேஷன் கடைக்கு ஓடினேன். அட்டையை நகலெடுத்து, நியமனக் கடிதத்தையும் கடைக்காரரின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பி அச்செடுத்தேன். தாள்களை எண்ணி, ஸ்டேப்ளர் அடித்து, கோப்பில் வைத்து, பஸ் ஏறினேன். என்னைப் போல் ஒழுங்கான ஆள் கொழும்பிலேயே இல்லை என்று ஒரு மிதப்பு.

பஸ்ஸில் அம்மா ஐந்தாவது தரம் போன் எடுத்தார்.

“ஐடி காட் எடுத்தனியே, பிள்ளை?”

“ஓம் அம்மா, ஓம். இனி எடுக்காதேங்கோ, நான் போனைச் சத்தமில்லாமப் போடப் போறன்.”

கொள்ளுப்பிட்டியில் அலுவலக வாசலில் காவலாளி கையை நீட்டினார். அட்டையை அவரிடம் கொடுத்தால்தான் உள்ளே போகும் பாஸ் தருவார். பணப்பையைத் திறந்தேன், பையைக் கவிழ்த்தேன், கோப்பை உதறினேன். நகல்கள்தான் இருந்தன. கறுப்பு வெள்ளையில் என் முகம், இரண்டு தரம்.

“ஒரிஜினல் எக நெத்த, நங்கி?” என்று கேட்டார். அசல் இல்லையா, தங்கச்சி என்று. இரண்டு நகல்களையும் நீட்டினேன். முதல் நாளே வாசலோடு திருப்பி அனுப்பப்படுவேன் என்றுதான் நினைத்தேன்.

அவர் உள்ளே போன் போட்டுச் சொன்னார். ஆட்களைச் சேர்க்கும் ஆளணிப் பிரிவிலிருந்து ஒரு அக்கா இறங்கி வந்தார். கொட்டாஞ்சேனைக்காரி என்று பின்னர் தெரிந்தது.

“வாங்க, உள்ள உக்காருங்க. ஆனா ஒரிஜினல பாக்காம இன்றைய தேதியில உங்கள சேர்ந்ததா போட ஏலாது. பன்னெண்டுக்கு முன்னம் கொண்டு வருவீங்களா?”

எங்கே இருக்கிறது என்று தெரிந்தால்தானே கொண்டு வர. அவர் தந்த தேத்தண்ணியைக் கையில் பிடித்தபடி தொலைபேசியைப் பார்த்தேன். ஏழே முக்காலுக்கே கடைக்காரர் ஒரு படம் அனுப்பியிருந்தார். எந்திரத்தின் கண்ணாடியில் மல்லாந்து கிடந்தது என் அட்டை. கீழே ஒரு வரி: “மிஸ், மூடியத் திறந்து பாக்கிறேல்லயா?”

எனக்குச் சிரிப்பும் அழுகையும் ஒன்றாக வந்தன. ஆட்டோவில் பறந்து போனேன். கடைக்காரர் அட்டையை எடுப்பதற்கு மேசை லாச்சியைத் திறந்தார். உள்ளே இன்னும் மூன்று பேரின் அட்டைகள் கிடந்தன.

“எல்லாம் புது வேலைக்காரர்தான். நகலை மட்டும் கவனமா எண்ணுவினம்.”

பதினொன்றரைக்கு அந்த அக்கா அட்டையை நகலோடு ஒப்பிட்டுப் பார்த்து, தன் தாளில் ஒரு சரி போட்டார். அன்றைய தேதியிலேயே நான் அங்கே ஊழியர்.

மாலையில் அம்மாவுக்கு நானே எடுத்தேன். பொய் சொல்லத்தான் நினைத்திருந்தேன். குரலைக் கேட்டதும் எல்லாவற்றையும் கொட்டிவிட்டேன். நல்ல ஏச்சு விழும் என்று காத்திருந்தேன். அவர் கேட்டது வேறு.

“காட் இல்லாம வாசலில நிண்டனியோ?”

“ஓம்.”

“எவ்வளவு நேரம் பிடிச்சு வைச்சிருந்தவை?”

“ஒருத்தரும் பிடிச்சு வைக்கேல்லை அம்மா. உள்ள கூப்பிட்டு இருத்தி, தேத்தண்ணி தந்தவை.”

அவர் தொலைபேசியை வாயிலிருந்து விலக்கி, வீட்டின் மறு கோடியில் இருந்த அப்பாவிடம் சொல்வது கேட்டது.

“இஞ்சேருங்கோ, காட் இல்லாமப் போனவளுக்குத் தேத்தண்ணி குடுத்தவையாம்.”