பெட்டி மேல் ஒட்டாத லிஸ்ட்

சாத்தூரில் பள்ளி ஆசிரியையாக இருக்கும் நான், பத்தாவதைத் தனித்தேர்வாக எழுதுகிறவர்களுக்கு யூடியூபில் கணக்கு நடத்துகிறேன். ஏழாயிரம்பண்ணையில் பட்டாசு பேக்கிங் செய்யும் ஒரு அக்கா, கம்பெனி வேனில் போகும்போது அதைப் பார்ப்பார். ஒருநாள் போனில் அழைத்தார்.

"டீச்சர், நல்லாத்தான் சொல்லித் தாரீக. ஆனா எங்கன ஆரம்பிக்கன்னு தெரியலியே."

எனக்குச் சுருக்கென்றது. "அதான் பிளேலிஸ்ட் போட்டிருக்கேனே!" என்றேன்.

"நாங்க கிஃப்ட் பாக்ஸ் கட்டுனா, உள்ள என்ன இருக்குன்னு மேல லிஸ்ட் ஒட்டிருவோம். உங்க பெட்டில அது இல்லியே டீச்சர்."

கோபத்தோடுதான் சேனலைத் திறந்தேன். 'தொகுப்பு ஒன்று', 'தொகுப்பு இரண்டு' என்று பெயர்கள். உள்ளே, கடைசியாகப் போட்ட பாடம் முதலில் நின்றது. எனக்கே வெட்கமாகிவிட்டது.

'கழித்தலே மறந்தவர்களுக்கு', 'இயற்கணிதம் முதலிலிருந்து' என்று பெயர் மாற்றி, பழைய பாடம் முதலில் வரும்படி அடுக்கினேன். "எங்கே ஆரம்பிக்கிறதுன்னு தெரியலையா?" என்று தொடங்கி ஒரு நிமிஷ வீடியோ எடுத்து, புதிதாக வருகிறவர்களுக்குச் சேனல் பக்கத்தின் உச்சியில் தெரியும்படி அதை வைத்தேன். அக்காவை அழைத்து, அந்த வீடியோவைப் பற்றிச் சொல்லி நன்றியும் சொன்னேன்.

"எனக்கு அது காணலியே டீச்சர்?"

ஏற்கெனவே சப்ஸ்கிரைப் செய்தவர்களுக்கு அது மேலே வராது என்றேன். மறுநாளே, வேனில் பக்கத்தில் இருந்த, இன்னும் சப்ஸ்கிரைப் செய்யாத பெண்ணின் போனில் பார்த்துவிட்டு அழைத்தார்.

"நான் கேட்டதையேல்ல கேக்கீக!" என்று சிரித்தார். "இவளும் முதப் பாடத்தப் பாத்து சப்ஸ்கிரைப் பண்ணிட்டா டீச்சர். இனி இவளுக்கும் அது வராது."