பெயர் வெட்டிய தட்டும் பெயர் சொல்லாத போஸ்டும்

நான் பள்ளிக்கூடத்துப் பக்கம் போனதில்லை. அதனால் நான் சொல்லச் சொல்ல மருமகள் இதை எழுதுகிறாள். நடுவில் எழும்பிப்போய் அடுப்பைப் பார்த்துவிட்டு வருவாள். அந்த நேரத்தில் நான் சொன்னவை எல்லாம் காற்றோடு போயின. அவற்றிலும் நல்ல கதைகள் இருந்தன. போகட்டும்.

அவள் மட்டன் ரோல்ஸ் செய்து விற்கிறாள். கோலியர்ஸ் வுட்டில் எங்கள் வீட்டுக் குசினிதான் அவளுடைய தொழிற்சாலை. கவுன்சிலில் இருந்து ஒருவர் வந்து, பிரிட்ஜுக்குள் தலையை விட்டுப் பார்த்து, கை கழுவும் இடத்தைப் பார்த்து, என்னையும் ஒருமுறை மேலும் கீழும் பார்த்துவிட்டு, எல்லாம் சரி என்று சொல்லிவிட்டுப் போனார். ருசி பார்ப்பது என் வேலை. இந்த வேலையில் எனக்கு லீவு கிடையாது, நான் கேட்டதும் கிடையாது.

அவளுடைய ரோல்ஸில் ஒரு வித்தியாசம் உண்டு. முட்டையில் தோய்த்து, ரஸ்க் தூளில் பிரட்டி, பொரிக்காமல் பிரீசரில் வைத்துப் பைக்கட்டாகக் கொடுப்பாள். வாங்கிப் போகிறவர்கள் தேவைப்படும்போது வீட்டில் பொரித்துக்கொள்ளலாம். மற்றவர்கள் எல்லோரும் பொரித்துச் சுடச்சுட விற்பார்கள். அப்படிப் பொரித்து விற்பவர்களில் பெரிய கை யார் என்று கேட்டால், லண்டனில் எங்கள் சனம் யோசிக்காமல் ஒரே ஒருவரைத்தான் சொல்லும். கிழக்கு லண்டனில், மனோர் பார்க்கில் இருக்கும் என் சம்மந்தியை.

என் கடைசி மகளின் மாமியார் அவர். மகளும் அதே வீட்டில்தான் இருக்கிறாள். இந்தப் பக்கம் மருமகள் ரோல்ஸ், அந்தப் பக்கம் சம்மந்தி ரோல்ஸ், நடுவில் என் பிள்ளை. சம்மந்திக்கு இங்கிருந்து ஒரு சொல் பிழையாகப் போனால் அங்கே அந்தச் சூட்டைத் தாங்கவேண்டியவள் அவள்தான். எனக்கு இருந்த பயம் அது ஒன்றுதான்.

போனில் கூப்பிடுகிற எல்லோரும் மருமகளிடம் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். "உங்கட ரோல்ஸுக்கும் மற்ற ஆக்களின்ர ரோல்ஸுக்கும் என்ன வித்தியாசம், அக்கா?" திரும்பத் திரும்பச் சொல்லி அவளுக்கு வாய் நொந்தது. எல்லாவற்றையும் ஒரே போஸ்டாகப் போட்டுவிடுவோம் என்று முடிவெடுத்தாள்.

கவுன்சில் நடத்திய சிறுதொழில் வகுப்புக்கு அவள் போயிருந்தாள். அங்கே சொன்னதைக் குசினியில் நின்று எனக்கும் சொன்னாள்.

"மாமி, மற்ற ஆக்களோட ஒப்பிட்டு எழுதலாம். ஆனா நிரூபிக்கக்கூடியதை மட்டும்தான் எழுதலாம். ஆரையும் குறைச்சுச் சொல்லக்கூடாது. பேர் எழுதாட்டிலும், வாசிக்கிற ஆளுக்கு அது ஆர் எண்டு விளங்கினா, பேர் எழுதினதுக்குச் சரி."

"அப்ப எங்கட சனத்துக்கு ஒண்டும் எழுதேலாது, பிள்ளை. இவையளுக்கு இருமினாலே ஆரெண்டு விளங்கும்."

அதுதான் நடந்தது. அவள் முதலில் எழுதியதை வாசித்துக் காட்டினாள். சில இடங்களில் உருளைக்கிழங்குதான் கூட என்று ஒரு வரி. நான் கை தட்டினேன். அவளோ, "இல்லை மாமி, இது நொட்டை, ஆக்களைக் குறைச்சுச் சொல்லுறது" என்று அதை அழித்தாள். பெரிய ரோல்ஸ் என்றால் எல்லாம் இறைச்சி என்று நினைக்கவேண்டாம் என்று இன்னொரு வரி. பெரிய ரோல்ஸ் என்றதும் சம்மந்திதான் ஞாபகம் வருவார், அவருடைய ரோல்ஸ் குழந்தைப்பிள்ளையின் முழங்கை அளவு. அதுவும் போனது. கிழக்கு லண்டன் என்ற சொல் போனது. பல வருச அனுபவம் என்ற சொல் போனது. கடைசியில் மிஞ்சியதை வாசித்தாள்.

"எங்கள் ரோல்ஸ், ரோல்ஸ்."

"இதில ஒருத்தரும் பிழை பிடிக்கேலாது" என்றேன் நான். இரண்டு பேரும் சிரித்துச் சிரித்து, அவள் பிசைந்துகொண்டிருந்த மாவில் கண்ணீர் விழப் பார்த்தது.

பிறகு அவள் அதைத் தலைகீழாக மாற்றினாள். மற்றவர்களிடம் என்ன இல்லை என்பதை விட்டுவிட்டு, எது யாருக்குப் பொருந்தும் என்று எழுதினாள். வீட்டுக்கு ஆட்கள் வந்து நிற்கிறார்களா, சுடச்சுட இப்போதே வேண்டுமா? பொரித்து விற்பவர்களிடம் வாங்குங்கள், அதுதான் சரி. வாங்கிவைத்து, வேண்டிய நேரத்தில் வேண்டியதை மட்டும் நீங்களே பொரிக்க வேண்டுமா? அதற்கு எங்கள் ரோல்ஸ். பொரிக்கிற வேலை உங்களுடையது, எண்ணெய் மணமும் உங்கள் வீட்டில்தான். தன் பொருளின் கரைச்சலையும் அவளே சொல்லிவிட்டாள். அவளிடம் எனக்குப் பிடித்தது அது.

படம்தான் பாக்கி. ஒரு பக்கத்தில் பொரிக்காத ரோல்ஸ், மற்றப் பக்கத்தில் பொரித்த ரோல்ஸ். வேறு யாருடைய ரோல்ஸையும் வாங்கிவந்து படம் எடுப்பது சரியில்லை என்று எங்களுடையதிலேயே ஒன்றைப் பொரித்தாள். அதன் கீழே "பொரித்து வாங்கும் ரோல்ஸ்" என்று எழுதவேண்டும் என்றாள். எனக்கு அதில் ஒரு பிழையும் தெரியவில்லை. அவளுக்கும் தெரியவில்லை.

"மாமி, நல்ல மினுக்கமான தட்டு ஒண்டு எடுங்கோ."

எங்கள் தட்டுகள் எல்லாம் கீறல் விழுந்தவை. அலுமாரியின் அடியில் ஒரு பெரிய சில்வர் தட்டு கண்ணாடிபோல் கிடந்தது. துடைத்துக் கொடுத்தேன். விளிம்பில் புள்ளி புள்ளியாக ஏதோ இருந்தது. எனக்கு அது பூவேலைப்பாடு. அவள் போனை உயர்த்திப் பிடித்து, ரோல்ஸின் பொன்நிறம் சரியாக விழுகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தாள். வேறு ஒன்றையும் பார்க்கவில்லை.

போனில் எங்கள் சனம் எல்லோரும் இருக்கும் குரூப்புக்குப் போஸ்ட் போய்க் கொஞ்ச நேரத்தில் கடைசி மகள் போன் எடுத்தாள். குரலைத் தணித்துப் பேசினாள்.

"அம்மா, நீங்கள் அங்க என்ன செய்து வைச்சிருக்கிறியள்? என்ர மாமி படத்தை இழுத்து இழுத்துப் பெரிசாக்கிப் பாத்துக்கொண்டிருக்கிறா."

"ஒருத்தற்ற பேரும் போடேல்லை, பிள்ளை. நான் முழுக்கக் கேட்டனான்."

"பேர் தட்டில கிடக்கம்மா!"

எங்கள் ஆட்கள் பாத்திரம் வாங்கினால் கடையிலேயே பெயர் வெட்டுவிப்பார்களே, அந்தப் பெயர். ஏதோ ஒரு விசேஷத்தில் சம்மந்தி பலகாரம் வைத்துத் தந்த தட்டு, திருப்பிக் கொடுக்க மறந்துபோனது. பொரித்த ரோல்ஸுக்குப் பக்கத்தில், விளிம்பில், அவருடைய முழுப்பெயரும் இனிஷலோடு கிடந்ததாம். குரூப்பில் சனம் அதைப் பெரிதாக்கி வட்டம் போட்டு அனுப்பிக்கொண்டிருந்தது.

"மாமி சப்பாத்துப் போடுறா" என்றாள் மகள். "அங்கதான் வாறா. அம்மா, பாத்துக் கதையுங்கோ, பிறகு நான் இஞ்ச இருக்கவேணும்."

மருமகள் படத்தை உடனே நீக்கிவிட்டாள். ஆனால் சம்மந்தி அதற்குள் எலிசபெத் லைன் ரயிலில் ஏறிவிட்டார். மூட்டு நோவோடு நோர்தேர்ன் லைனுக்கு மாறி எங்கள் வாசலில் வந்து நின்றார். கையில் ஒரு பை. பையில் இன்னும் சூடு ஆறாத ரோல்ஸ்.

"தட்டு என்ர எல்லோ, சம்மந்தி?"

"ஓம் சம்மந்தி, உங்கட தான். தர மறந்துபோச்சு."

"தட்டு கிடக்கட்டும். அதில இருந்த ரோல்ஸ் ஆற்ற?"

"எங்கட."

"அதுதான் எனக்கு வயித்தெரிச்சல்!" என்று கதிரையில் இருந்தார். "என்ர பேர், உங்கட ரோல்ஸ்! அந்த நுனியைப் பாத்தியளே? கச்சான்கடலை சுத்தின பேப்பர் மாதிரி. சனம் என்னட்டைக் கேக்குது, அக்கா, உங்களுக்குக் கை தளர்ந்துபோச்சோ எண்டு!"

மருமகள் இவ்வளவு நேரமும் மன்னிப்புக் கேட்க வாயைத் திறந்தபடி நின்றவள், "ஏன் அன்ரி, என்ர நுனிக்கு என்ன குறை?" என்றாள்.

நான் அவளுடைய காலை மிதித்தேன்.

"ஒப்பிடுறதெண்டா என்ர ரோல்ஸை வைச்சு ஒப்பிடு" என்றார் சம்மந்தி. "இந்தா, கொண்டுவந்திருக்கிறன். பேரையும் பெரிசாப் போடு."

"பேர் போடேலாது, அன்ரி."

"என்ர பேரை நான் போடச் சொல்லுறன்!"

"போட்டா, நான் எழுதுற ஒவ்வொண்டையும் நிரூபிக்கவேணும்."

"நிரூபியன். இந்தா, உன்ர மாமி இருக்கிறா. உலகத்தில இருக்கிற ரோல்ஸ் எல்லாம் திண்ட ஆள்."

எனக்கு முன்னால் இரண்டு ரோல்ஸ் வந்தன. ஒன்று எங்களுடையது, ஒன்று அவருடையது. இரண்டு பேரும் என் வாயையே பார்த்தார்கள். மறுபடி கூப்பிட்ட கடைசி மகள் என் போனில் கேட்டுக்கொண்டிருந்தாள், அவள் மூச்சுவிடுவதுகூடக் கேட்டது. அவருடையது நல்லது என்றால் இந்த வீட்டில் எனக்குச் சோறில்லை, எங்களுடையது நல்லது என்றால் அந்த வீட்டில் மகளுக்கு நிம்மதியில்லை. நான் இரண்டையும் கடித்தேன். ஆறுதலாக, முழுவதையும் சாப்பிட்டு முடித்தேன். சம்மந்தியுடையதில் மிளகு தூக்கலாக இருந்தது, எங்களுடையதில் கறுவாப்பட்டை. இரண்டும் அமிர்தம்.

"சொல்லுங்கோ சம்மந்தி, எது ருசி?"

"ருசியை நிரூபிக்கேலாதாம்" என்றேன். "அது ஆளுக்காள் மாறுமாம். வகுப்பில சொன்னதெண்டு என்ர மருமகள்தான் சொன்னவ. நிரூபிக்கேலாததைச் சொல்லக்கூடாது, சம்மந்தி. கவுன்சில் விடாது."

போனுக்குள் இருந்து மகள் சிரித்தாள். மருமகள் ஏப்ரனால் வாயைப் பொத்தினாள். சம்மந்தியும் பிள்ளைகளைப் படிப்பித்த தாய், கவுன்சில் என்றால் அவருக்கு மரியாதை உண்டு. பிறகு கண்ணாடியை எடுத்துப் போட்டுக்கொண்டு, மருமகளின் போனை வாங்கி, போஸ்டில் எழுதியிருந்ததை முதல்முறையாக வாசித்தார். படத்தைப் பார்த்த கோபத்தில் அதுவரை அதை வாசிக்கவே இல்லையாம்.

"பொரித்து விற்பவர்களிடம் வாங்குங்கள், அதுதான் சரி" என்று சத்தமாக வாசித்தார். "இது நீ எழுதினதோ?"

"ஓம் அன்ரி."

"அப்ப ஏன் பிள்ளை படத்தில பொய் சொன்னனீ? உன்ர ரோல்ஸைப் பொரிச்சு வைச்சிட்டு, வாங்கிற ரோல்ஸ் எண்டு எழுதலாமோ?"

தட்டு மட்டும்தான் எங்கள் பிழை என்று நானும் மருமகளும் நினைத்திருந்தோம். வகுப்புக்குப் போகாத சம்மந்திதான் அதைவிடப் பெரிய பிழையைக் காட்டினார்.

அன்றே புதுப் படம் போனது. எங்கள் ரோல்ஸ் மட்டும், நடுவில் வெட்டி, உள்ளே இறைச்சி தெரிய. அதற்குக் கீழே, முதல் படத்தில் இருந்தவை இரண்டும் எங்கள் ரோல்ஸ்தான், தட்டு மட்டும் தவறி வந்தது, மன்னிக்கவும் என்று ஒரு வரி. நுனியைப் பற்றி ஒன்றும் எழுதவில்லை. ஆனால் அடுத்த முறை மருமகள் நுனியை இறுக்கி மடித்ததை நான் பார்த்தேன்.

அதற்குப் பிறகு சுடச்சுட வேண்டும் என்று கேட்டு எங்களுக்குப் போன் எடுத்தவர்கள் மனோர் பார்க்குக்குப் போனார்கள். பிரீசரில் வைக்கக் கேட்டு அங்கே போனவர்களைச் சம்மந்தி இங்கே அனுப்பினார். மகள் போனில் இப்போது சாதாரணக் குரலிலேயே பேசுகிறாள். அவளுடைய மாமியாரே எங்கள் பைக்கட் ஒன்றைப் பிரீசரில் ஒளித்து வைத்திருக்கிறாராம், திடீரென்று ஆட்கள் வந்தால் பொரிக்க. அந்த நேரத்தில் நுனியைப் பற்றிப் பேச்சே இல்லையாம்.

தட்டை வெறுமையாகத் திருப்பிக் கொடுக்கலாமா? ரோல்ஸ் வைத்து அனுப்பினோம். அவருக்கும் வெறுமையாக அனுப்ப மனம் வரவில்லை. பருத்தித்துறை வடை வைத்து அதே தட்டை இங்கே அனுப்பிவிட்டார். ஆகவே அது இன்னும் எங்கள் அலுமாரியில்தான் இருக்கிறது. படம் எடுக்க முன்னர் நான் ஒவ்வொரு தட்டின் விளிம்பிலும் விரலை ஓட்டிப் பார்ப்பேன். அந்தப் புள்ளிகள் விரலில் பட்டால், "பிள்ளை, இது சம்மந்தி" என்று சொல்லித் திரும்ப உள்ளே வைத்துவிடுவேன்.