தொட்டி விசிலும் டப்பாக்காரியின் காதும்

"மூக்குதான் போச்சு, காதையுமா பிடுங்கப் பாக்கறே? உனக்கு ஸ்பேனரைக் குடுத்தவனைச் சொல்லணும்!"

டப்பாக்காரி இப்படிக் கத்தியது வேறு யாரையும் இல்லை, சொந்தக் கொழுந்தனைத்தான். அவன் பிளம்பர். குளியலறைக்குள் ஸ்டூல் போட்டு ஏறி நின்று, ஃபிளஷ் தொட்டியின் மூடியைக் கையில் வைத்துக்கொண்டு, மாட்டிக்கொண்டவன் சிரிப்பதைப் போலச் சிரித்தான்.

"அண்ணி, ஊர்ல எல்லா வீட்டுத் தொட்டியும்தான் கத்துது. பாடுதுன்னு நினைச்சுக்கங்க."

"பாடறதுக்கு அது என்ன எனக்குக் கல்யாணக் கச்சேரியா வைக்குது? நிறுத்தப்பா அதை!"

வாய் நீளம் என்று அந்தக் குடியிருப்பு முழுக்க அவளுக்குப் பெயர். அந்த வாய்க்குப் பின்னால் எவ்வளவு பயம் இருந்தது என்பது ஒருத்தருக்கும் தெரியாது. பயந்தவள்தான் அதிகம் கத்துவாள். நானும் கத்தியிருக்கிறேன், எனக்குத் தெரியும்.

பக்கத்து லாரிப் பட்டறை ஆட்களுக்கு மதியச் சாப்பாடு கட்டிக் கொடுத்துப் பிழைக்கிறவள் அவள். அடுக்கு டப்பாவில் சோறு, குழம்பு, ஒரு காய். அதனால்தான் டப்பாக்காரி. பெற்றவர்கள் வைத்த பெயர் ரேஷன் கடைக்காரனுக்கு மட்டும் தெரியும். கட்டினவன் ஒரு கிடங்கில் இரவுக் காவல். அவன் விடிந்த பிறகு வந்து, போர்வையைத் தலைவரை இழுத்துப் போர்த்திக்கொண்டு தூங்குவான். அவன் குறட்டைக்கும் அவள் கரண்டிச் சத்தத்துக்கும் நடுவே அந்தக் குடித்தனம் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது.

பிறகு ஒரு காய்ச்சல் வந்தது. உடம்பு தேறியது, மூக்கு தேறவில்லை. முதலில் ஜலதோஷம் என்று நினைத்தாள். ஒருநாள் பருப்பு அடிப்பிடித்துக் கரியாகிப் புகை மண்டிய பிறகுதான், கண்ணில் தண்ணீர் வந்து, திரும்பிப் பார்த்தாள். மூக்குக்கு ஒன்றுமே தெரியவில்லை. டாக்டர் விளக்கை அடித்துப் பார்த்துவிட்டு, "வந்தாலும் வரும், வராட்டியும் ஒண்ணும் பண்ண முடியாது" என்றார். அதற்கு அவர் ஃபீஸ் வாங்காமலே இருந்திருக்கலாம்.

சமைக்கிறவளுக்கு மூக்கு போனால் என்ன? உப்பு உறைப்பை நாக்கு சொல்லும், கொதியைக் கண் சொல்லும். கேஸ் கசிந்தால் யார் சொல்வார்கள்? பருப்பு கரிந்த அன்றைக்கு வந்த பயம் அது. எதிர்த் தெருவில் ஒரு வீடு கேஸ் வெடித்துச் சுவரோடு போனதை அவள் பார்த்திருக்கிறாள். அந்த வீட்டுக்காரியும் காலையில் எல்லாரையும் போல அடுப்பைப் பற்ற வைக்கத்தான் போனாள்.

அதிலிருந்து டப்பாக்காரி காதால் சமைக்க ஆரம்பித்தாள். சிலிண்டர் குமிழைத் திருப்புவாள், குனிவாள், காதைக் கொண்டுபோய் வைத்து மூச்சைப் பிடித்துக் கேட்பாள். சத்தம் இல்லை என்றால்தான் லைட்டரைத் தொடுவாள். சோப்பு நுரை தடவிப் பார் என்று சிலிண்டர் போடுகிறவன் சொல்லியிருந்தான். புதுசு மாட்டும்போது தடவவும் செய்வாள். அதற்காக அடுப்பில் கை வைக்கும்போதெல்லாம் நுரை கரைத்துக்கொண்டிருக்க முடியுமா? காது கூடவே இருந்தது, காசும் கேட்கவில்லை.

அந்தக் காதுக்குத்தான் குளியலறைத் தொட்டி எமனாக வந்தது. அடுக்களைக்கும் குளியலறைக்கும் நடுவே ஒரே சுவர். யாராவது ஃபிளஷ் பண்ணினால், தொட்டி நிறையும்வரை 'உஸ்ஸ்' என்று இரையும். நிறையப் போகும் நேரத்தில் இரைச்சல் மெலிந்து 'வீஈ' என்று விசிலாகும். அப்புறமும் முழுக்க அடங்காது. மெல்லிசாக ஒரு சீறல் ஓடிக்கொண்டே இருக்கும். அந்தச் சீறல் இருக்கே, அது அச்சு அசல் கேஸ் கசிகிற சத்தம். ஒவ்வொரு தடவையும் சிலிண்டரிடம் ஓடுவாள், சுவரிடம் ஓடுவாள், கடைசியில் தொட்டிதான் என்று திட்டிக்கொண்டே திரும்புவாள்.

கொழுந்தன் இந்தச் சத்தத்துக்காக முதல் தடவை வந்தபோது வால்வைக் கழற்றிக் காட்டி விவரம் சொன்னான். தண்ணீர் வரும் முனையில் ஒரு சின்னத் துளை. துளையின் விளிம்புக்குச் சீட் என்று பெயர். தொட்டி நிறைய நிறைய மிதவைப் பந்து மேலே ஏறி, ஒரு ரப்பர் வாஷரைக் கொண்டுபோய் அந்தச் சீட்டில் அழுத்தி அடைக்கும். அடைபடுகிற நேரத்தில் தண்ணீர் ஊசி இடுக்கில் பிதுங்கி வருவதால் விசில். வாஷரில் பள்ளம் விழுந்துவிட்டால் அடைப்பு நிற்காது, சீறல் ஓயாது. மிச்சத் தண்ணீர் வழிகுழாய் வழியாகக் கக்கூஸ் கோப்பைக்குள் போய்க்கொண்டிருக்கும்.

விவரமெல்லாம் சரிதான். செய்ததுதான் கோணல். அவன் தொழிலில் ஒரு பழக்கம்: வாஷர் ஒரு பக்கம் தேய்ந்தால் புரட்டிப் போடுவது. மறுபக்கம் புதுசு மாதிரிதானே? புரட்டிப் போட்டான். தொட்டி வாயை மூடியது. கொஞ்ச நாளில் திரும்ப ஆரம்பித்தது. அடுத்த தடவை புது வாஷரே போட்டான். அதுவும் கொஞ்ச நாள்தான்.

"அந்த விளிம்பைப் பாத்தியா தம்பி? ரப்பரை அது கடிக்குதோ என்னவோ."

"சீட்டு கல்லு மாதிரி இருக்கு அண்ணி. என் தொழிலை எனக்குச் சொல்லித் தராதீங்க."

இதற்குள் குடியிருப்புக்காரர்கள் மாடித் தொட்டித் தண்ணீர் வேகம் போதவில்லை என்று புதுசாக ஒரு பிரஷர் பம்ப் வைத்தார்கள். குளிக்கிறவர்களுக்குக் கொண்டாட்டம். டப்பாக்காரி வீட்டுத் தொட்டி மட்டும் ரயில் மாதிரி ஊத ஆரம்பித்தது. அந்த நாளில்தான் அவள் ஸ்பேனரைப் பற்றிச் சொன்னதும், அவன் கோபித்துக்கொண்டு தொட்டியை மூடிவிட்டுப் போனதும்.

அவளுக்கு ஒரு கெட்ட பழக்கம் வந்தது. சத்தம் கேட்டாலும் ஓடாமல் இருந்தாள். 'தொட்டிதான்' என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு வேலையைப் பார்த்தாள். எத்தனை தடவைதான் ஓடுவாள்? பட்டறை ஆட்களுக்குச் சோறு தாமதமானால் அவர்கள் ஹோட்டலைப் பார்த்துப் போய்விடுவார்கள்.

ஒருநாள் காலை சிலிண்டர் தீர்ந்து போனது. அவசரம். புதுசை உருட்டிக்கொண்டு வந்து, ரெகுலேட்டரை அழுத்தி மாட்டிக் குமிழைத் திருப்பினாள். சோப்பு நுரை மறந்து போனது. காதை வைத்தாள். 'உஸ்ஸ்' என்றது. வீட்டுக்காரன் அப்போதுதான் வேலையிலிருந்து வந்து குளியலறைக்குப் போய்விட்டுப் படுத்திருந்தான். தொட்டி நிறைகிறது, அதுதான். காய் நறுக்க உட்கார்ந்தாள்.

நறுக்கி முடித்து லைட்டரைக் கையில் எடுத்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் 'வீஈ' என்று ஊதிக்கொண்டே இருந்தது. எரிச்சல் தாங்கவில்லை. "உன் வாயை நானே அடைக்கறேன் இரு" என்று லைட்டரை வைத்துவிட்டுப் போய், தொட்டிக்குக் கீழே இருந்த வால்வைப் பலங்கொண்ட மட்டும் திருகி மூடினாள். விசில் நின்றது. சீறலும் நின்றது. குளியலறையில் அப்படி ஒரு அமைதியை அவள் கேட்டு எவ்வளவோ காலமாகியிருந்தது.

அப்பாடா என்று அடுக்களை வாசலுக்கு வந்தாள்.

'உஸ்ஸ்.'

கால் நின்றுவிட்டது. திரும்பிக் குளியலறையைப் பார்த்தாள். அங்கே ஒன்றுமில்லை. சத்தம் முன்னாலிருந்து வந்தது, தரையோடு தரையாக, சிலிண்டர் கழுத்திலிருந்து. காய் நறுக்கிய நேரம் முழுக்க வந்துகொண்டிருந்திருக்கிறது. மூக்கை உறிஞ்சிப் பார்த்தாள், பைத்தியக்காரி. காற்றுதான் உள்ளே போனது. எவ்வளவு வெளியே வந்திருக்கிறது, எதுவரை போயிருக்கிறது, ஒன்றும் தெரியாது. இருட்டில் கிணற்றங்கரையில் நிற்பவள் மாதிரி நின்றாள்.

அப்போது உள்ளறையில் கட்டில் முனகியது. தொண்டையைச் செருமும் சத்தம். அப்புறம் தீப்பெட்டியைக் குலுக்கும் சத்தம். வீட்டுக்காரனுக்குத் தூக்கம் பிடிக்காவிட்டால் ஒரு சிகரெட் வேண்டும்.

"டேய்! கொளுத்தாதேடா!"

கத்திக்கொண்டே பாய்ந்தாள். அவன் குச்சியை எடுத்து உரசப் பெட்டியின் ஓரத்தில் வைத்துவிட்டான். அவள் அடித்த அடியில் பெட்டி கட்டிலுக்கு அடியில் போய் விழுந்தது.

"என்னடி ஆச்சு உனக்கு?"

"கேஸு! கேஸு! மோந்து பாருங்க!"

அவன் மோந்தான். முகம் வெளுத்தது. "ஐயோ, ஆமா, நாறுதே!" என்று எழுந்தவன், காற்று வரட்டுமென்று ஃபேன் சுவிட்சுக்குக் கையை நீட்டினான்.

"சுவிட்சைத் தொடாதீங்க! கதவைத் திறந்துட்டு வெளியே போங்க!"

மூச்சைப் பிடித்துக்கொண்டு அடுக்களைக்குள் போனாள். சிலிண்டர் குமிழைத் திருப்புவதற்குள் விரல் இரண்டு தடவை வழுக்கியது. திரும்பியதும் சத்தம் நின்றது. ஜன்னலைத் தள்ளினாள், பின்கதவைத் திறந்தாள், ஓடினாள். மாடிப்படியில் போய் உட்கார்ந்தாள்.

வீட்டுக்காரன் பக்கத்தில் வந்து உட்கார்ந்தான். பிறகு சொன்னான்: "என்னை டேய்னு கூப்பிட்டே."

"கூப்பிடாம இருந்திருந்தா இந்நேரம் கூப்பிடறதுக்கு ஆளே இருந்திருக்காது."

கொழுந்தனுக்கு ஆள் போனது. வந்தவன் வீடு நன்றாகக் காற்றாடிய பிறகு ரெகுலேட்டரைக் கழற்றிச் சிலிண்டர் வாய்க்குள் பார்த்தான். உள்ளே இருக்க வேண்டிய கறுப்பு ரப்பர் வளையம் வெடித்து ஒரு துண்டு போயிருந்தது. அதைப் பார்த்துக்கொண்டே நின்றான். வாஷரோடு வாழ்கிறவன், அவனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

"அண்ணி, சத்தம் கேட்டிருக்குமே?"

"கேட்டுச்சு. உன் தொட்டின்னு நினைச்சேன்."

அவன் நேராகக் குளியலறைக்குப் போய்த் தொட்டி வால்வைக் கழற்றிக்கொண்டு வெளிச்சத்துக்கு வந்தான். இந்தத் தடவை வாஷரைப் பார்க்கவில்லை. சீட்டின் விளிம்பில் நகத்தை வைத்துச் சுற்றினான். ஒரு இடத்தில் நகம் தடுக்கியது. மணலோ துருவோ அரித்த சின்னப் பள்ளம். எந்த வாஷரைப் போட்டாலும், எந்தப் பக்கம் புரட்டினாலும், அந்தப் பள்ளத்து வழியே தண்ணீர் கசியும். கசிவு ரப்பரை அறுக்கும், அறுந்த ரப்பர் இன்னும் கசியவிடும்.

"இது பெரிய துளை சீட்டு அண்ணி. தண்ணி மெதுவா வர்ற வீட்டுக்குப் போடறது. முன்னே வேகம் இல்லைன்னு நான்தான் போட்டேன். பம்ப் வெச்சதும் மாத்தியிருக்கணும். இந்த வேகத்தை இந்தப் பந்தால அழுத்தி அடைக்க முடியாது. சின்னத் துளை சீட்டு வேணும்."

"கல்லு மாதிரி இருக்குன்னே."

"சொன்னேன்." தலையைக் குனிந்துகொண்டான். "நான் போய் வாங்கிட்டு வர்றேன்."

"நீ உக்காரு. நானே போறேன். உன்னை அனுப்பினா பழசைப் புரட்டிக்கிட்டு வருவே."

அன்றைக்குப் பட்டறைக்குச் சோறு போகவில்லை. ஆட்கள் ஹோட்டலுக்குப் போனார்கள், போகட்டும். சிலிண்டர்க்காரன் வந்து திட்டு வாங்கிக்கொண்டு வேறு சிலிண்டர் வைத்துவிட்டுப் போனான். அவள் பழைய சீட்டைக் கைக்குள் மூடிக்கொண்டு சாமான் கடைக்கு நடந்தாள். கடைக்காரனிடம் அதைக் காட்டி, "இதே மரை, துளை மட்டும் சின்னதா, பிரஷருக்குத் தாங்கறது. கூடவே வாஷர்" என்றாள். கொடுத்த சீட்டை வெளிச்சத்தில் பிடித்து, விளிம்பில் நகத்தை வைத்துச் சுற்றினாள். தடுக்கவில்லை. இன்னொரு தடவையும் சுற்றினாள்.

கொழுந்தன் அதை மாட்டி, தண்ணீர் வேகம் குறையட்டுமென்று கீழ் வால்வைப் பாதிக்குக் கொஞ்சம் மேலே மட்டும் திறந்துவிட்டான். ஃபிளஷ் பண்ணினார்கள். தொட்டி முனகிக்கொண்டே நிறைந்தது, முன்னைவிட மெதுவாக. பந்து மேலே வந்தது. டக்கென்று நின்றது. மூன்று பேரும் பேசாமல் நின்று கேட்டார்கள். ஒன்றுமில்லை.

டப்பாக்காரிக்கு அந்த அமைதியும் பயமாகத்தான் இருந்தது. அடுக்களைக்குப் போய்ப் புது சிலிண்டரின் குமிழைத் திருப்பி, கழுத்தில் சோப்பு நுரை தடவி, குமிழி வருகிறதா என்று பார்த்தாள். குனிந்து காதை வைத்தாள். சுவருக்கு அந்தப் பக்கம் எந்தச் சத்தமும் இல்லை. அப்புறம்தான் லைட்டரைத் தொட்டாள்.

"சீட்டு என்ன விலை சொன்னான் அண்ணி?" என்று வாசலிலிருந்து கேட்டான் கொழுந்தன்.

"வாஷரோட சேத்து, பாதி டப்பாச் சோத்துக் காசு."