காலிப் பெட்டியைப் பிடித்துவைத்த நாள்

எனக்கு அப்போது என் இங்கிலீஷ் மேல் தாங்க முடியாத கர்வம். மலேசியாவில், கிள்ளானில் ஒரு ஃபார்வர்டிங் கம்பெனியில் கிளார்க் வேலை. துறைமுகத்திலிருந்து சரக்கை வெளியே எடுத்து, கடைக்காரரிடம் சேர்த்து, காலிக் கண்டெய்னரைத் திருப்பி அனுப்புவது எங்கள் வேலை. அதில் என் பங்கு கடிதம் எழுதுவது. சாதாரண விஷயத்துக்கே ரெண்டு பக்கம் எழுதுவேன். படிக்கிறவன் பாவம் என்று ஒரு நாளும் தோன்றியதில்லை.

அந்த வருஷம் தீபாவளிக்கு முன்னால் துறைமுகம் நெரிசலில் திணறியது. கோலாலம்பூர் பிரிக்ஃபீல்ட்ஸ் பாத்திரக் கடைக்காரர் ஒருவருக்கு மெட்ராஸிலிருந்து வந்த கண்டெய்னர் பெட்டி. சரக்கை இறக்கியாகிவிட்டது. பெட்டியை வைத்திருக்கத் தந்த இலவச நாட்கள் முடிவதற்குள், கப்பல் கம்பெனி சொன்ன யார்டில், காலிப் பெட்டிகளை அடுக்கிவைக்கும் இடத்தில், அதை ஒப்படைக்க வேண்டும். தவறினால் ஒவ்வொரு நாளுக்கும் டிடென்ஷன் என்று கட்டணம் ஏறும்.

கடைசி இலவச நாள் காலையிலேயே எங்கள் லோரி டிரைவர் அண்ணன் போனார். யார்ட் நிறைந்துவிட்டது, கேட்டிலேயே திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுநாளும் அப்படியே, அதற்கு மறுநாளும் அப்படியே. ஒவ்வொரு தடவையும் கேட்டில் தேதி, நேரம், பெட்டி நம்பர் போட்டு முத்திரை குத்திய ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தார்கள். அண்ணன் அதை என்னிடம் பத்திரமாகக் கொடுத்தார். நானும் பத்திரமாகத்தான் வைத்தேன். பெட்டியின் கடைசி நாலு நம்பரைச் சீட்டின் பின்னால் பெரிதாக எழுதி, வீட்டில் பிள்ளையார் படத்துக்கு முன்னால் குங்குமம் இட்டு வைத்தேன். நாலு நம்பர் லாட்டரி விற்கிற நம்பர் கடையில் அந்த நம்பருக்குப் பணம் கட்டியிருந்தேனே!

நாலாம் நாள் அண்ணன் போன் செய்தார். "தம்பி, யார்ட் தொறந்துட்டான். இப்பவே போயிடறேன் லா."

"இருங்கண்ணே," என்றேன். "பெட்டி நம்ம கையில இருந்தாதான் கப்பல் கம்பெனிக்காரன் வழிக்கு வருவான். டிடென்ஷனத் தள்ளச் சொல்லி நான் லெட்டர் எழுதிட்டிருக்கேன்."

அன்று முழுக்க எழுதினேன். நாலு பக்கம். பெட்டி ஐந்தாம் நாள்தான் யார்டுக்குப் போனது. கப்பல் கம்பெனி இரண்டாம் நாளிலிருந்து எண்ணி நாலு நாள் டிடென்ஷன் போட்டு பில் அனுப்பியது.

முதலாளி பில்லைப் பார்த்ததும் அண்ணன் மேல் பாய்ந்தார். "எங்கயோ லோரிய நிறுத்திட்டு தூங்கியிருப்பான். இவன் ட்ரிப் காசுல புடிங்க." பெட்டியைப் பிடித்துவைத்தது நான்தான் என்று நான் சொல்லவில்லை. லெட்டர் வென்றுவிடும், எல்லாம் சரியாகிவிடும் என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். கோழைத்தனத்துக்கு எவ்வளவு நல்ல சாக்கு!

அண்ணனையும் அழைத்துக்கொண்டு கப்பல் கம்பெனி ஆபீசுக்குப் போனேன். இம்போர்ட் பகுதியில் ஒரு தமிழ் மேடம். என் நாலு பக்கத்தையும் நிதானமாகப் படித்தார்.

"இங்கிலீஷ் நல்லா இருக்கு. ப்ரூஃப் எங்க?"

"சீட்டு கொடுத்தேனே தம்பி?" என்றார் அண்ணன். பிள்ளையார் ஞாபகம் வந்தது. பஸ் பிடித்து வீட்டுக்கு ஓடி, வியர்த்து வழிய, மூன்று சீட்டையும் கொண்டுவந்து மேசையில் வைத்தேன். ஒரே குங்குமம். மேடம் ஒன்றைத் திருப்பிப் பார்த்தார்.

"நம்பர் அடிச்சுதா?"

"இல்லைங்க மேடம்."

சிரிக்காமல் முன்பக்கம் திருப்பி, தேதியையும் நேரத்தையும் பில்லோடு ஒப்பிட்டார். "நாங்க சொன்ன யார்டே வாங்கலைன்னா உங்க தப்பு இல்ல. மூணு சீட்டு இருக்கு. யார்ட் தொறந்ததே நாலாம் நாள்தான், அதையும் சேர்த்துக்கலாம். சரி, ரெண்டுலேருந்து நாலு வரைக்கும் மூணு நாள் தள்ளிடறேன். ஆனா ஐந்தாம் நாள் எதுக்கு? நாலாம் நாளே ஏன் விடல?"

என் நாலு பக்கத்தில் ஒரு வரிகூட உதவவில்லை.

அண்ணன் முந்திக்கொண்டார். "லோரி ரிப்பேர் மேடம். என் தப்புதான்."

அவர் என்னைப் பார்க்கவில்லை. மூன்று நாள் வெயிலில் கேட்டுக்கு வெளியே வரிசையில் நின்றவர், அந்த ட்ரிப் காசை நம்பி வீடு நடத்துகிறவர், எனக்காகப் பொய் சொல்கிறார். வெட்கத்தில் எனக்குக் காது சுட்டது.

"இல்ல மேடம்," என்றேன். "லோரி நல்லாத்தான் இருந்துச்சு. இவர் கொண்டுபோறேன்னு சொன்னார். நான்தான் பிடிச்சு வச்சேன்."

"எதுக்கு?"

"லெட்டர் எழுத."

மேடம் பேனாவை எடுத்தார். பிறகு பில்லில் மூன்று நாளை அடித்து, ஒரு நாளை அப்படியே விட்டார். முதலாளியிடம் இதையே சொன்னேன். அந்த ஒரு நாள் என் சம்பளத்தில் போனது. அண்ணன் ட்ரிப் காசு முழுசாக வந்தது.

அதற்குப் பிறகும் அண்ணன் எனக்குக் கேட் சீட்டு கொண்டுவந்து கொடுப்பார். கொடுப்பதற்கு முன்னால் பின்பக்கத்தில் குறுக்கே ஒரு கோடு போட்டிருப்பார், நான் எதுவும் எழுதாமல் இருக்க.