வயிற்றோடு கட்டிய போத்தல்

போர்க்காலக் கொழும்பில் தமிழன் ஒருவன் வயிற்றில் எதையாவது கட்டிக்கொண்டு வீதியில் இறங்குவானா? நான் இறங்கினேன். விந்துப் பரிசோதனை என்றால் எனக்கு அவ்வளவு கூச்சம். கொட்டாஞ்சேனை ஆய்வுகூடத்திலேயே அதற்கு ஓர் அறை இருந்தது. அங்கே போகமாட்டேன் என்று அடம்பிடித்து, வெள்ளவத்தை வீட்டிலேயே, அவர்கள் தந்த கண்ணாடிப் போத்தலில் எடுத்தேன்.

மூன்று நாள் விலகியிருந்தாயிற்று. சவர்க்காரம், எண்ணெய், உறை எதுவும் படக்கூடாது, முதல் துளியும் சிந்தக்கூடாது என்றிருந்தார்கள். உடம்புச் சூட்டில் வைத்து ஒரு மணித்தியாலத்துக்குள் கொடுக்கவேண்டுமாம். மனைவி பழைய சேலைத் துண்டால் போத்தலை என் வயிற்றோடு இறுக்கிக் கட்டிவிட்டாள். கல்யாணமாகி ஆறு வருடம். குறை யாரில் என்று அன்றைக்குத் தெரிந்துவிடும்.

காலி வீதிச் சோதனைச் சாவடியில் நான் ஏறிவந்த திரீவீலரை மறித்தார்கள். இளம் இராணுவச் சிப்பாய் ஒருவன் என் வயிற்றைத் தடவினான். அவன் கை அப்படியே நின்றது.

சேலைத் துண்டை அவிழ்க்கச் சொன்னார்கள். போத்தலை நானே கொண்டுபோய் மணல்மூட்டையின் மேல் வைத்தேன். எல்லோரும் பின்வாங்கினார்கள். வீதியில் ஒரு சத்தமும் இல்லை. வெயில் கண்ணாடியில் பட்டு மினுங்கியது. பார்த்துக்கொண்டிருக்க, அது வெடித்துவிடுமோ என்று எனக்கே பயம் பிடித்தது.

உள்ளே என்ன என்று சிங்களத்தில் திரும்பத் திரும்பக் கேட்டார்கள். அதற்குரிய சிங்களச் சொல் எனக்குத் தெரியாது.

"லமயி நே. தொஸ்தர கிவ்வா," என்றேன். பிள்ளைகள் இல்லை, டொக்டர் சொன்னவர்.

சிப்பாய் துப்பாக்கியைத் தோளில் மாட்டினான். பிறகு போத்தலை இரண்டு கையாலும் எடுத்துத் தந்தான். அது சுட்டது.

ஆய்வுகூடத்துப் பெண் அளவைப் பார்த்தார், இளகிவிட்டதா என்று பார்த்தார், எண்ணினார், வடிவம் பார்த்தார். எல்லாம் சரி, அசைவுதான் இல்லை. இறந்தவை மட்டும் சிவக்கும் சாயத்தை விட்டு, என்னையும் நுணுக்குக்காட்டியில் பார்க்கச் சொன்னார். கண்ணாடிக்குள் எங்கு பார்த்தாலும் சிவந்த தலைகள், ஆடாமல் அசையாமல் கிடந்தன.

"பிந்தியும் போச்சு, வெயிலும் பட்டிருக்கு. இதை வச்சு உங்களில குறையெண்டு சொல்லேலாது. திரும்ப இங்கயே வந்து தாங்கோ."

சில கிழமைகள் கழித்துப் போய், கூச்சத்தை விழுங்கி அங்கேயே கொடுத்தேன். இந்தமுறை கண்ணாடிக்குள் சரசரவென்று ஓடித்திரிந்தன. என்னில் குறையில்லை என்று கேட்டதும் நிம்மதியாகத்தான் இருந்தது. ஆனால் அந்தச் சிவந்த தலைகள் கண்ணை விட்டுப் போகவில்லை. அவற்றைக் கொன்றது அந்த மணல்மூட்டை வெயில் என்று இப்போது விளங்கியது.

திரும்பும்போது அதே சாவடி, அதே சிப்பாய். என் வயிற்றைத் தடவிவிட்டு, ஒன்றும் இல்லாததைக் கண்டு, மெதுவாகக் கேட்டான்.

"லமயா கோ?"

பிள்ளை எங்கே என்று கேட்கிறான். நான் மணல்மூட்டையைப் பார்த்தேன். அதன்மேல் அதே வெயில் அடித்துக்கொண்டிருந்தது.

"தாம நே," என்றேன். இன்னும் இல்லை.