தவிர்க்க முடியாத குடும்பச் சூழல்

எங்கள் கடையில் நான் பைண்டிங், அக்கா டைப்பிங். கல்லூரி வாசலுக்கு எதிரே இருக்கும் கடை என்பதால் பிராஜெக்ட் ரிப்போர்ட்தான் எங்கள் பிழைப்பு. ரிப்போர்ட் முடியாத பிள்ளைகள், அவகாசம் கேட்டுப் பேராசிரியருக்கு எழுதும் மெயிலையும் அக்காவிடம் காட்டித் திருத்திக்கொண்டு போவார்கள். அதனால் அவருக்குத் திருத்தக்கா என்று பேர். பிள்ளைகள் வைத்த பேர்தான், ஆனாலும் உள்ளூர அவருக்கு அதில் பெருமை.

பிள்ளைகள் எழுதும் லட்சணத்தை நீங்கள் பார்க்க வேண்டும். தலைப்பு காலியாக இருக்கும். "ஹாய் சார், ஒரு வாரம் வேணும்" என்று தொடங்கும். அக்கா முதலில் தலைப்பில் பாடத்தின் பெயரையும் பதிவு எண்ணையும் போடுவார். எத்தனை அத்தியாயம் முடிந்தது, எந்தத் தேதிக்குள் தருவேன் என்பதைச் சேர்ப்பார். முடித்த பக்கங்களை இணைக்கச் சொல்வார். கடைசியாகக் காரணத்துக்கு வருவார். வயிற்றுவலி, காதல் தோல்வி, வீட்டுச் சண்டை, எதுவானாலும் அடித்துவிட்டு, "தவிர்க்க முடியாத குடும்பச் சூழல்" என்று எழுதிவிடுவார்.

அதற்கும் ஒரு கதை உண்டு. அக்கா முன்பு ஓர் அலுவலகத்தில் வேலை பார்த்தார். கணவர் விட்டுவிட்டுப் போன வாரம், விடுப்புக் கடிதத்தில் நடந்ததை அப்படியே எழுதிவிட்டார். அதை டீ நேரத்தில் ஒருவர் உரக்கப் படிக்க, மற்றவர்கள் சிரித்தார்கள். அக்கா அந்த வேலையை விட்டார். அன்றிலிருந்து, நம் வீட்டுக் கண்ணீர் ஊரார் வாய்க்கு அவல் ஆகக்கூடாது என்பதில் பிடிவாதமாக இருந்தார்.

ஒரு செவ்வாய்க்கிழமை இறுதியாண்டு மாணவி ஒருத்தி வந்தாள். ரிப்போர்ட்டை வெள்ளி மாலை ஐந்து மணிக்குள் கொடுக்க வேண்டும், இன்னும் இரண்டு அத்தியாயம் பாக்கி. அவள் எழுதியிருந்த மெயிலை நானும் எட்டிப் பார்த்தேன். "அம்மாவுக்கு இதுதான் கடைசி வாரம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். நான் அவர் பக்கத்தில் இருக்க ஆசைப்படுகிறேன், ஐயா." அவ்வளவுதான் எழுதியிருந்தாள்.

"இத இப்படியே அனுப்பட்டுமாக்கா?"

"வேணாம்மா. உங்கம்மா விஷயம் உன்னோட இருக்கட்டும். யார் யாரு படிப்பாங்களோ" என்று அக்கா அந்த வரிகளை அழித்து, வழக்கமானதை எழுதினார். அக்கா கைபட்ட மெயிலுக்கு அவகாசம் கிடைக்காமல் போனதில்லை என்று கல்லூரியில் பேச்சு. மாணவி நம்பி அனுப்பினாள்.

மறுநாள் பதில் வந்தது. "தவிர்க்க முடியாத குடும்பச் சூழல் என்று இதே வாசகத்தில் இந்த வாரம் எனக்கு வரும் ஐந்தாவது மெயில் இது. தேதியில் மாற்றமில்லை."

மற்ற நான்கும் எங்கள் கடையில் எழுதியவைதான். எனக்குச் சுருக்கென்றது. "உண்மைய எழுதி இன்னொரு தடவ அனுப்புங்கக்கா" என்றேன்.

"முடியாதுன்னு சொன்னப்புறம் அம்மாவுக்கு முடியலன்னு எழுதினா, கத கட்டுறான்னுதான் நெனப்பாரு. இரு, நான் கூட உக்காந்து முடிச்சுக் குடுத்துடறேன்." எனக்கு வந்த கோபத்தில் தாள்கட்டை மேசையில் ஓங்கி வைத்தேன். அதற்கு மேல் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருக்க வேண்டும்.

புதன், வியாழன், வெள்ளி. அவள் சொல்லச் சொல்ல அக்கா டைப் செய்தார். நடுநடுவே அவள் போனில் அப்பாவிடம், "அம்மா முழிச்சிருக்காங்களா?" என்று கேட்பாள். "உன்னத்தான் கேக்குறா" என்று அவர் சொல்வது எனக்கே கேட்கும். வெள்ளி மூன்று மணிக்கு நான் பக்கங்களுக்குத் துளை போட்டுக்கொண்டிருந்தபோது அந்த போன் வந்தது. அவள் பையைக்கூட எடுக்காமல் ஓடினாள். ரிப்போர்ட்டை அக்காவே கொண்டுபோய்த் துறையில் கொடுத்தார். அப்போது மணி நான்கரை.

இரண்டு வாரம் கழித்து அவள் மறுபடி வந்தாள். முகம் சின்னதாகிப் போயிருந்தது.

"சார் மெயில் போட்டிருக்காருக்கா. பதில் எழுதியிருக்கேன், பாத்துக் குடுங்க."

பேராசிரியர் எழுதியிருந்தார்: "உன் தாயார் மறைந்ததைத் துறையில் இப்போதுதான் சொன்னார்கள். ஒரு வரி எழுதியிருந்தால் ஒரு மாதம்கூடக் கொடுத்திருப்பேனே அம்மா. ஏன் எழுதவில்லை?"

அதற்குக் கீழே அவளுடைய பதில்: "எழுதத் தோன்றவில்லை, ஐயா. மன்னிக்கவும்."

அக்கா அதற்குக் கீழே, "இவள் எழுதியிருந்தாள். அழித்தது நான்" என்று டைப் செய்தார். மாணவி குனிந்து, அந்த வரியை மட்டும் அழித்துவிட்டு மெயிலை அனுப்பினாள்.

"நல்லதுக்குத்தானக்கா செஞ்சீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவள் திட்டியிருந்தால்கூட அக்கா தாங்கியிருப்பார். பதினாலு வருஷமாகப் பக்கத்தில் உட்கார்ந்து வேலை செய்கிறேன், அக்கா அழுது அன்றுதான் பார்த்தேன். எழுந்துபோய்க் கடைக் கதவைச் சாத்தினேன்.