மாப்பிள்ளை ஏன் கத்துகிறார்?

துபாயில் சரக்கு கிளியரன்ஸ் வேலையில் இருந்ததால் சுங்க விதிகள் எனக்கு மனப்பாடம். தொண்ணூறுகளில் விமான நிலையத்தில் கேசட்டைப் போட்டுக் கேட்பார்கள். சந்தேகம் வந்தால் தணிக்கைக்குப் போய்விடும்.

குவைத்தில் ஒளிந்து ராக் வாசித்த ஒரு குழுவை அரசு வானொலி சீண்டாது. துபாயின் சத்வா பகுதியில் கேசட் கடை வைத்திருந்த சிராஜ், அவர்களின் பாட்டுகளைப் பிரதியெடுத்து ரகசியமாகப் பரப்பினான். நான் குவைத் போனபோது புதிய கேசட்டை எடுத்துவரச் சொன்னான்.

"பயப்படாதீங்க அண்ணே. முதல் பத்து நிமிஷம் நாகஸ்வரம். ஆரம்பத்தை மட்டும்தான் கேப்பாங்க."

திரும்பும்போது ஆர்வம் தாங்காமல் விமானத்தில் வாக்மேனில் பாதி கேட்டேன். விதிகள் தெரிந்த நான் ரீவைண்ட் செய்ய மறந்தேன்.

அதிகாரி பொத்தானை அழுத்தியதும் டிரம்ஸ் இடித்தது, ஒருவன் அலறினான். பிரதிக்குப் பிரதி எடுத்த கேசட் என்பதால் ஒரு சொல்லும் விளங்கவில்லை. ஆனாலும் என் விசா போனதென்றே நினைத்தேன்.

"இது என்ன, ரஃபீக்?" என்று உருதுவில் கேட்டார். வளைகுடாவில் எங்களைப் போன்றவர்களை 'ரஃபீக்', அதாவது நண்பா, என்றுதான் கூப்பிடுவார்கள்.

"எங்க ஊர்க் கல்யாண மேளம், சார்."

"கத்துறது யாரு?"

"மாப்பிள்ளை."

அவர் இன்னும் கொஞ்சம் கேட்டார். "பொண்ணைப் பார்த்துட்டானா?"

"இப்பத்தான் சார்."

விழுந்து விழுந்து சிரித்தவர், "கலாஸ், யல்லா!", முடிந்தது, கிளம்பு என்று கேசட்டைக் கையில் திணித்தார்.

அடுத்த வாரமே அதன் பிரதிகள் சத்வா முழுக்கச் சுற்றின. அந்த அதிகாரி என் பொய்யை நம்பினாரா என்று இன்றுவரை தெரியாது. நம்பாமலே விட்டிருந்தார் என்றால்தான் எனக்குக் கூடுதல் சந்தோஷம்.